சட்னி வாளியில் இருக்கிறது விண்ணப்பத்துக்கான விஷயம்

கேட்டரிங் கல்லூரியில் சமையல் பாடம் எடுக்கும் எனக்கு, ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோவில் சேர வரும் பிள்ளைகளின் நோக்கக் கடிதங்களை வாசிக்கும் வேலையும் உண்டு. எஸ்.ஓ.பி. என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். நம் ஊர் அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலும் மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வையும் வைத்தே இடம் கிடைத்துவிடும். வெளிநாட்டுக் கல்லூரிகளும் சில தனியார் கல்லூரிகளும்தான் இந்தக் கடிதத்தைக் கேட்கின்றன. ஆஸ்திரேலியாவில் படிக்க விசா கேட்பவர், தான் உண்மையாகவே படிக்க வருகிறவர்தான் என்று காட்ட, ஒவ்வொரு கேள்விக்கும் 150 வார்த்தைக்குள் பதில் எழுத வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து இதுதான் நடைமுறை. கடிதமே கேட்காத கல்லூரியிலும் நேர்காணல் என்று ஒன்று இருந்தால், “ஏன் இந்தப் படிப்பு?” என்ற கேள்வி வந்தே தீரும்.

வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி தொடங்கும். சின்ன வயதிலிருந்தே சமையலில் ஆர்வம், பாட்டியின் கைமணம், விருந்தோம்பல் தமிழர் பண்பாடு, உலகத் தரத்தில் ஒரு உணவகம் தொடங்குவது கனவு. எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் பெயரை மாற்றி வேறு யார் அனுப்பினாலும் பொருந்தும். அடுப்படிப் பக்கமே போகாதவரும் அதை எழுதலாம். எனக்கு வருத்தம் என்னவென்றால், குடும்பத்துக் கடையில் வருஷக்கணக்காக வேலை பார்த்த பிள்ளைகளும் இதையேதான் எழுதுகிறார்கள். மற்ற எவரிடமும் இல்லாத சரக்கு அவர்களிடம் இருக்கிறது. அதை எழுதத் தகுந்த விஷயம் என்றே அவர்கள் நினைப்பதில்லை.

தேனி மாவட்டத்தில், கம்பம் போகும் சாலையில் டிபன் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவர் அப்படித்தான் என்னிடம் வந்தார். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கடையிலேயே நின்றவர். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் கூட்டம் அந்தச் சாலையில்தான் குமுளிக்கு ஏறும். அந்த இரண்டு மாதமும் கடைக்கு ராத்திரி பகல் கிடையாது. அவர் கடிதத்தில் இதைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: “எங்கள் குடும்ப உணவகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய அனுபவம் உண்டு.” மீதியெல்லாம் கனவும் ஆர்வமும்தான்.

“கடையில என்ன வேலை தம்பி பாப்பீங்க?”

“எல்லா வேலையும்தான் சார். காலைல சட்னி என் பொறுப்பு.”

“எப்ப அரைப்பீங்க?”

“அஞ்சு மணிக்கு ஒரு தடவை. அது தீரத் தீர எட்டு மணி வாக்குல ரெண்டாவது. பத்து மணிக்கு மேல மூணாவது. அப்பா ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லுவாங்க. பழைய சட்னி ஒரு கரண்டி மிச்சம் இருந்தாலும் புதுசுல ஊத்தக் கூடாது.”

“ஏன்?”

“புளிச்சுடும், கெட்டுடும்னு சொல்லுவாங்க.”

“மாவு அரைக்கும்போது பழைய மாவு ஒரு கரண்டி சேக்கிறதில்லையா?”

“குளிர் நாள்ல சேப்போம் சார். அப்பத்தான் சீக்கிரம் பொங்கும்.”

சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் யோசித்தார். ஒரே அடுப்படி, ஒரே ஆள், ஒரே கரண்டி. பழையதைப் புதியதில் சேர்ப்பது மாவில் நல்லது, சட்னியில் கூடாது. இரண்டு விதியையும் அவர் தினமும் கடைப்பிடிக்கிறார். ஏன் என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. அவர் எழுத வேண்டிய கடிதம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

காரணம் இதுதான். அரிசியும் உளுந்தும் அரைத்து வைத்த மாவில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. மாவைப் பொங்க வைப்பதும் புளிக்க வைப்பதும் அவைதான். விடிவதற்குள் மாவில் புளிப்பு ஏறி, நோய்க் கிருமிகள் எளிதில் வளர முடியாத நிலை வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த மாவு அப்படியே தட்டுக்குப் போவதில்லை, ஆவியில் வெந்துதான் போகிறது. பழைய மாவைச் சேர்ப்பது நல்ல கிருமிகளுக்கு முன்கூட்டியே இடம் பிடித்துக் கொடுப்பது போல.

தேங்காய்ச் சட்னி இதற்கு நேர் எதிர். அதில் புளிப்பு கிடையாது. தண்ணீரும் கொழுப்பும் சத்தும் நிறைய இருக்கின்றன. வேக வைப்பதும் இல்லை. அரைக்கும்போது கிரைண்டர் கல்லின் உரசலில் சற்றுச் சூடும் ஏறும். அரைப்பதற்கு விடுகிற தண்ணீர், தேங்காய் துருவிய கை, சரியாகக் கழுவாத குழவியின் அடிப்பக்கம் என்று கிருமி நுழைய வழிகள் பல. கடுகு தாளித்துக் கொட்டினால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு வாளிச் சட்னியில் இரண்டு கரண்டி சூடான எண்ணெய் விழுந்தால் மணம் வரும். வாளி முழுவதும் சூடாகாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ச்சியாக வைக்கும் உணவு 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. இரண்டுக்கும் நடுவில்தான் ஆபத்து. சாம்பார் அடுப்பிலேயே இருப்பதால் மேலே நிற்கும். சட்னி வாளி மட்டும் பரிமாறும் மேசையில் 30 டிகிரிக்குப் பக்கத்தில், ஆபத்தின் நட்டநடுவில் நிற்கிறது. சாதகமான சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காலை 5 மணிக்கு அரைத்த சட்னி 11 மணிவரை இருந்தால் 18 முறை இரட்டிப்பு. ஒன்று 2,62,144 ஆகும். உண்மையில் தொடக்கத்தில் வேகம் குறைவாக இருக்கும், எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி பெருகாது. இருந்தாலும் ஆறு மணி நேரச் சட்னியையும் ஒரு மணி நேரச் சட்னியையும் ஒரே வாளியில் கலந்தால், புதியது அந்த நிமிடமே பழையதாகிவிடுகிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. சட்னியை முகர்ந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்வது எல்லாக் கடையிலும் வழக்கம். வாடையைக் கிளப்பும் கிருமி வேறு, வயிற்றைக் கெடுக்கும் கிருமி வேறு. வாடை வந்தால் கட்டாயம் கொட்ட வேண்டும். வாடை வரவில்லை என்பதற்காக வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் தொழில்முறைச் சமையலறையில் மூக்கை விடக் கடிகாரத்தை நம்புகிறார்கள். அரைத்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பாத்திரத்தில் ஒட்டிவிடுவார்கள். இத்தனை மணிக்கு மேல் இருந்தால் கொட்ட வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கும். அந்தப் பையனின் அப்பா இதே முடிவுக்குப் படிப்பு இல்லாமல் பழக்கத்திலேயே வந்திருக்கிறார். அதற்காக எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

இவ்வளவு தெரிந்துவிட்டால் கடிதம் எழுதிவிடலாமா? இல்லை. இதெல்லாம் நான் சொன்னது, அவர் கண்டது இல்லை. நான் சொன்னதைத் தன் அறிவு போல எழுதினால் நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே சாயம் வெளுத்துவிடும். அதனால் ஒரு நோட்டு போடச் சொன்னேன். எந்த நேரத்துக்கு எவ்வளவு அரைத்தீர்கள், எப்போது தீர்ந்தது, கடை கட்டும்போது எவ்வளவு மிஞ்சியது. இந்த மூன்றும் போதும், சில வாரம் எழுதுங்கள் என்றேன்.

நோட்டைக் கொண்டு வந்தபோது அதில் அவருக்கே தெரியாத விஷயங்கள் இருந்தன. சாதாரண நாளில் முதல் ஈடு ஏழரை மணிக்குத் தீரும். முகூர்த்த நாளில் ஆறரைக்கே தீர்ந்துவிடும். ஏனென்றால் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் விடிகாலையிலேயே வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கல்யாண மண்டபத்தில் சாப்பாடு இருக்கும் என்பதால் ஒன்பது மணிக்கு மேல் கடை காலியாகிவிடும். ஆனால் மூன்றாவது ஈட்டை அன்றைக்கும் அதே அளவில்தான் அரைத்திருக்கிறார்கள். மிஞ்சுகிறது, கொட்டுகிறார்கள். ஏன் குறைத்து அரைக்கவில்லை என்று கேட்டேன். கிரைண்டரில் கொஞ்சமாகப் போட்டால் கல் சரியாக அரைக்காது, ஓரத்தில் அப்பிக்கொள்ளும் என்றார். இது அடுப்படியில் நிற்கிறவருக்கு மட்டுமே தெரிகிற காரணம். சட்னி வீணாவது கவனக் குறைவால் இல்லை, இயந்திரத்தின் அளவால் என்று அந்த நோட்டில் தெரிந்தது. காலை ஒன்பதரைக்கு மேல் பெரிய மிக்ஸியில் அரைக்கலாமே என்பது அவர் சொன்ன யோசனை. அப்பா ஒத்துக்கொண்டார்.

அடுத்து விலைக் கணக்கு. ஒவ்வொரு ஊரிலும் விலை மாறும் என்பதால், எண்களை இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு தேங்காய் ₹30. உடைத்து, ஓடு நீக்கினால் 280 கிராம் பருப்பு வருகிறது. 50 கிராம் பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், உப்பு, தாளிப்புக்கு ₹10. தண்ணீர் விட்டு அரைத்தால் 650 கிராம் சட்னி. ஆக ₹40க்கு 650 கிராம். கரண்டி ஒன்றுக்கு 50 கிராம் என்றால் 13 கரண்டி. கரண்டி ஒன்று ₹3.

இட்லியைப் பாருங்கள். ஒரு கிலோ இட்லி அரிசிக்கும் கால் கிலோ உளுந்துக்கும் ₹85 செலவானால் 45 இட்லி வருகிறது. ஒரு இட்லி ₹2 கூட ஆகவில்லை. இரண்டு இட்லிக்கு ₹4, சாம்பாருக்கு ₹3, சட்னிக்கு ₹3. ₹30க்கு விற்கும் தட்டில் பொருள் செலவு ₹10, அதாவது மூன்றில் ஒரு பங்கு. சாப்பிடுகிறவர் சட்னியை இன்னும் இரண்டு தடவை கேட்டால் செலவு ₹16 ஆகிறது. விலையில் பாதிக்கு மேல் பொருளுக்கே போய்விட்டது. அடுப்புக் கேஸ், மாஸ்டர் சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் மீதி ₹14க்குள் அடங்க வேண்டும். பில்லில் இருப்பது இட்லி, பணம் போவது சட்னியில். இந்தக் கணக்கில் தினமும் ஒன்றரைக் கிலோ சட்னியைக் கொட்டினால் நாளுக்கு ₹92, மாதத்துக்கு ₹2,700க்கு மேல். சின்னக் கடைக்கு இது சின்னத் தொகை இல்லை.

சட்னிக்குக் காசு வாங்கலாம், கரண்டியைச் சின்னதாக்கலாம் என்றெல்லாம் படித்தவர்கள் யோசனை சொல்லக்கூடும். கம்பம் சாலையில் அது நடக்காது. சட்னி கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றுகிற கடை என்பதற்காகவே வருகிற கூட்டம் அது. ஆகவே ஊற்றுவதைக் குறைக்காமல் கொட்டுவதைக் குறைப்பதுதான் அந்தக் கடைக்கு ஏற்ற வழி. அந்தப் பையனும் அதையேதான் சொன்னார். வாடிக்கையாளரை அறிந்து எடுத்த முடிவு என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கடைசியாக, அவரால் பதில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பார்சல். காலை எட்டு மணிக்குப் பார்சல் வாங்குகிற பஸ் கண்டக்டர் பத்தரைக்குச் சாப்பிடுவார். தோட்ட வேலைக்குப் போகிறவர் மத்தியானம் பிரிப்பார். சட்னிப் பொட்டலத்தை ஆவி பறக்கும் இட்லிப் பொட்டலத்தோடு சேர்த்து, பக்கத்திலேயே சாம்பாரையும் வைத்துக் கட்டுகிறார்கள். சட்னி கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி, கிருமிக்குப் பிடித்தமான வெப்பத்துக்கு வந்து, அங்கேயே வெகுநேரம் நிற்கும். கடையில் அப்பாவின் விதி காப்பாற்றுகிறது. வாசலைத் தாண்டிய பிறகு? வதக்கி அரைத்த காரச் சட்னியை மட்டும் பார்சலுக்குக் கொடுத்தால் போதுமா, புளி சேர்த்தால் எத்தனை மணி நேரம் தாங்கும், பொட்டலத்தைத் தனியாகக் கட்டினால் எவ்வளவு மாறும்? இதற்கெல்லாம் அவரிடமும் பதில் இல்லை, அவர் அப்பாவிடமும் இல்லை.

ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. உணவுப் பாதுகாப்பு, பொருள் செலவுக் கணக்கு, அளவு குறித்த செய்முறை ஆகிய மூன்றும் உணவுத் தயாரிப்பு டிப்ளமோவின் பாடங்கள். தரமணி அரசுக் கல்லூரி போன்ற இடங்களில் அந்தப் படிப்பு ஒன்றரை ஆண்டு. ஓராண்டு வகுப்பு, மீதி ஏதாவது ஹோட்டலில் தொழிற்பயிற்சி.

அவர் திரும்ப எழுதிவந்த கடிதத்தின் நடுப்பகுதி, அவர் அனுமதியோடு, தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“எங்கள் டிபன் கடையில் காலைச் சட்னி என் பொறுப்பு. நாளுக்கு மூன்று ஈடு அரைக்கிறோம், ஒன்றோடு ஒன்று கலப்பதில்லை. இந்த விதி என் தந்தையுடையது. அதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளச் சில வாரம் அரைத்த நேரம், தீர்ந்த நேரம், மிஞ்சிய அளவு ஆகியவற்றைக் குறித்தேன். மூன்றாவது ஈடுதான் அதிகம் வீணாகிறது என்றும், கிரைண்டரில் குறைந்த அளவு அரைக்க முடியாததே காரணம் என்றும் தெரிந்தது. இப்போது அந்த ஈட்டை மிக்ஸியில் அரைக்கிறோம், வீணாவது குறைந்திருக்கிறது. பார்சலில் போகும் சட்னி எத்தனை மணி நேரம் பாதுகாப்பாக இருக்கும் என்பதை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை அளக்கும் முறையை உங்கள் படிப்பில் கற்க விரும்புகிறேன். படிப்பு முடிந்ததும் சில ஆண்டு பெரிய சமையலறையில் வேலை செய்துவிட்டுக் கடைக்குத் திரும்பி, நெடுஞ்சாலைப் பயணிகளுக்கான பார்சல் பகுதியைத் தனியாக அமைப்பேன்.”

இதில் கனவு என்ற சொல் இல்லை, ஆர்வம் என்ற சொல்லும் இல்லை. இரண்டும் இருப்பது படிக்கிறவருக்குத் தெரிகிறது. அப்பாவின் விதியை அப்பாவினுடையது என்றே சொல்கிறார், தான் செய்ததைத் தனியே சொல்கிறார். எதிர்காலத் திட்டமும் கடையிலிருந்தே வருகிறது. வெளிநாட்டு விசா அதிகாரி கவனமாகப் பார்ப்பதும் இந்தக் கடைசி வரியைத்தான். படித்துவிட்டுத் திரும்பி வர ஒரு காரணம், ஒரு கடை, ஒரு வேலை அங்கே இருக்கிறது.

இப்படி எழுதும்போது இரண்டு இடங்களில் பிள்ளைகள் சறுக்குவதைப் பார்க்கிறேன். ஒன்று, பெரிய பதவிப் பெயர். அப்பா கடையில் நின்றவர் தன்னை ‘எக்சிகியூட்டிவ் செஃப்’ என்று போட்டுக்கொள்வது, தெர்மாமீட்டரே இல்லாத அடுப்படியில் ‘ஹாசப்’ முறையை நடைமுறைப்படுத்தினேன் என்று எழுதுவது. எந்த இடத்தில் எத்தனை டிகிரி எல்லை வைத்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். சட்னி என் பொறுப்பு என்பதே நல்ல பதவி.

இன்னொன்று, கடையைக் குறைசொல்லி எழுதுவது. அங்கே சுத்தம் இல்லை, முறை இல்லை, நான் படித்து வந்து சரிசெய்வேன் என்பார்கள். அப்படிப் படிக்கும்போது, இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரா என்றுதான் தோன்றும். குறை இருந்தால், அதைக் கண்டு என்ன மாற்றினீர்கள், எது உங்கள் கையை மீறி நின்றது என்று எழுதுங்கள்.

குடும்பக் கடை வேலைக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்டால் திணறுவார்கள். கடையின் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றின் நகல், உரிமையாளர் என்ற முறையில் அப்பாவோ அம்மாவோ வேலையையும் காலத்தையும் குறிப்பிட்டுத் தரும் கடிதம் இரண்டையும் சேர்த்து வையுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஃபாஸ்டாக்’ பயிற்சியில் கேட்டரிங் அடிப்படை வகுப்பு இருக்கிறது. அந்தச் சான்றிதழும் இருந்தால் இன்னும் நல்லது. இவற்றோடு அந்த நோட்டின் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கறை படிந்த நோட்டை நேர்காணலில் எடுத்து நீட்டியவரிடம் யாரும் அடுத்த பத்து நிமிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

உங்கள் கடையில் சட்னிக்குப் பதில் பரோட்டா மாவாக இருக்கலாம், மீன் சுத்தம் செய்வதாக இருக்கலாம், எண்ணெய் மாற்றும் நாளாக இருக்கலாம். எதுவானாலும் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு, விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே நோட்டைத் தொடங்கிவிடுங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் உட்கார்ந்தால் பாட்டியின் கைமணத்தைத்தான் எழுத முடியும்.